நள்ளிரவு இன்டர்வியூ: கலிஃபோர்னியா டீமோடு பேசப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே கலிஃபோர்னியா டீமுக்கு வேலை செய்து எனக்கு ஆறு வருஷம் ஆகிறது. கல்லூரி ஜூனியர்கள், தெருவில் தெரிந்தவர்கள், அவர்கள் சொல்லி வருகிறவர்கள் என்று மாதத்துக்கு ஒருவராவது இன்டர்வியூவுக்கு முன்னால் போன் செய்வார்கள். டெக்னிக்கல் சந்தேகத்தை யாரும் என்னிடம் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் மணி, தூக்கம், கரண்ட், பிறகு "ரிமோட்டா எப்படி வேலை செய்வே"ன்னு கேட்டால் என்ன சொல்வது என்பதுதான். சொன்ன பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். உதாரணத்துக்கு எல்லாக் கேள்விக்கும் ஒரே இன்டர்வியூவை எடுத்துக்கொள்கிறேன்: 2026 நவம்பர் 5, வியாழன், அவர்கள் நேரம் காலை 11 மணி.

அக்கா, மெயில்ல "Thursday, November 5, 11:00 AM PT"ன்னு போட்டிருக்கு. நமக்கு எத்தனை மணி?

PT என்பது பசிபிக் நேரம், கலிஃபோர்னியாவின் கடிகாரம். நமக்கு அது வெள்ளிக்கிழமை, நவம்பர் 6, அதிகாலை 12:30. நம் பேச்சு வழக்கில் "வியாழன் ராத்திரி பன்னிரண்டரை".

இந்த இரண்டு வரிக்கும் நடுவில்தான் ஆட்கள் விழுகிறார்கள், நானும் விழுந்தேன். நமக்கு நாள் என்பது விடிந்தால்தான் மாறும். ராத்திரி ஒரு மணிக்குக் கூட அது முந்தின நாளின் ராத்திரிதான். காலண்டருக்கு 12 அடித்ததும் நாள் மாறிவிடும். என் முதல் வெளிநாட்டு இன்டர்வியூவுக்குக் காலண்டரில் வெள்ளி 12:30 AM என்று இருந்தது. நான் வெள்ளிக்கிழமை முழுக்கப் படித்துவிட்டு, வெள்ளி ராத்திரி சாப்பிட்டு, தலை வாரி, பன்னிரண்டரைக்கு லிங்க்கைத் திறந்து உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. இன்டர்வியூ நேரம் 24 மணி நேரத்துக்கு முன்பே வந்து போயிருந்தது. அந்தக் கம்பெனி மறுபடி நேரம் தரவில்லை.

அன்றிலிருந்து நான் தேதியை மட்டும் எழுதி வைப்பதில்லை. "வியாழன் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று காகிதத்தில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டுவேன். நீங்களும் எந்தச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்று எழுதிப் பாருங்கள், குழப்பம் வராது.

முதல் ரவுண்டு அக்டோபர் 29, இதே 11 AM PT. அது ராத்திரி பதினொன்றரைக்கு நடந்தது. அடுத்த வாரம் மட்டும் எப்படி பன்னிரண்டரை? காலண்டர் தப்பா காட்டுதா?

காலண்டர் சரியாகத்தான் காட்டுகிறது. அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி வைப்பார்கள். 2026-இல் அந்த நவம்பர் ஞாயிறு 1-ஆம் தேதி. உங்கள் இரண்டு ரவுண்டுக்கும் நடுவில் வருகிறது. அதற்கு முன்பு கலிஃபோர்னியாவுக்கும் நமக்கும் 12 மணி 30 நிமிடம் வித்தியாசம், அதற்குப் பிறகு 13 மணி 30 நிமிடம். நாம் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை, அதனால் மாற்றம் முழுதும் நம் பக்கம்தான் தெரியும். இலங்கையில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான், இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.

அக்டோபர் 20-ஆம் தேதி மெயில் வருகிறது, அன்றைக்கே போனில் உலகக் கடிகாரத்தைப் பார்த்து "பன்னிரண்டரை மணி வித்தியாசம்" என்று கூட்டிக்கொள்கிறோம். அது அன்றைய வித்தியாசம், இன்டர்வியூ நாளின் வித்தியாசம் இல்லை. எனவே எந்த நாளுக்கான நேரமோ அந்தத் தேதியையும் கொடுத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். கூகுள் காலண்டரில் புது நிகழ்வு போட்டு, அதன் நேர மண்டலத்தை லாஸ் ஏஞ்சலஸ் என்று மாற்றி, நவம்பர் 5 காலை 11 என்று கொடுத்துச் சேமித்தால் நம் நேரத்தில் அதுவே சரியான கட்டத்தில் போய் உட்காரும். லினக்ஸ் வைத்திருந்தால் ஒரே வரி போதும்:

```
TZ="Asia/Kolkata" date -d 'TZ="America/Los_Angeles" 2026-11-05 11:00'
```

இது நவம்பர் 6, 00:30 என்று காட்டும். அதில் தேதியை 10-29 என்று மாற்றிப் பாருங்கள், அக்டோபர் 29, 23:30 என்று வரும்.

எனக்கு வந்த மெயில்ல PTன்னு இல்ல, PSTன்னு இருக்கு. இன்டர்வியூ ஜூலையில. ரெண்டும் ஒண்ணுதானா?

எழுத்துப்படி பார்த்தால் ஒன்றில்லை. PST-யில் உள்ள S என்பது Standard, அதாவது குளிர்கால நேரம். கோடையில் அது Daylight, அதனால் PDT. ஆனால் அங்கே பலர் வருஷம் முழுக்க PST என்றும், நியூயார்க் பக்கம் EST என்றுமே எழுதிவிடுவார்கள். அவர்கள் மனதில் இருப்பது அவர்கள் சுவர்க் கடிகாரம் காட்டும் மணி. ஜூலையில் "11 AM PST" என்றால் பெரும்பாலும் நமக்கு இரவு 11:30தான், 12:30 இல்லை. சந்தேகம் இருந்தால் முந்தைய நேரத்துக்குத் தயாராக இருங்கள், ஒரு மணி நேரம் காத்திருந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

அதைவிட நல்லது, உறுதி செய்யும் பதிலில் இரண்டு நேரத்தையும் தேதியோடு எழுதிவிடுவது: "Confirming Thursday, July 9, 11:00 AM in San Francisco, which is 11:30 PM Thursday for me in India." ஊர் பெயர் போட்டால் S-க்கும் D-க்கும் வேலையே இல்லை. தப்பாக இருந்தால் அவர்களே திருத்துவார்கள். IST என்று மட்டும் எழுதாதீர்கள். அயர்லாந்திலும் இஸ்ரேலிலும் அவரவர் நேரத்துக்கு அதே மூன்றெழுத்துதான். CST-உம் அப்படித்தான், சிகாகோவுக்கும் அது, சீனாவுக்கும் அது.

வேற நேரம் கேட்டா தப்பா நினைப்பாங்களா?

மாட்டார்கள், ஒரு தடவை கேட்டால். ஆனால் "கொஞ்சம் சீக்கிரம் வைக்க முடியுமா" என்று கேட்டால் வேலையை அவர்கள் தலையில் தள்ளுகிறோம். அவர்கள் நேரத்தில் இரண்டு இடைவெளிகளைச் சொல்லிக் கேளுங்கள்.

நவம்பருக்குப் பிறகு அவர்கள் காலை 8 மணி நமக்கு இரவு 9:30. அதற்கு முன்னால் அவர்களை உட்காரச் சொல்வது கொஞ்சம் அதிகம். பலர் யோசிக்காத இன்னொரு வழி அவர்கள் மாலை. அவர்கள் மாலை 5 மணி நமக்கு மறுநாள் காலை 6:30. தூங்கி எழுந்து, குளித்து, தெளிந்த முகத்தோடு உட்காரலாம். நான் ஜூனியர்களிடம் முதலில் கேட்கச் சொல்வது இந்த நேரத்தைத்தான். முதல் ரவுண்டு என்றால் பல சமயம் கிடைக்கும். நாலு பேர் உட்காரும் கடைசி ரவுண்டில் மாலை 5 மணிக்கு எல்லாரும் இருக்க மாட்டார்கள், அப்போது பன்னிரண்டரையை ஏற்றுக்கொண்டு கீழே சொன்னபடி தயாராகுங்கள்.

சாயங்காலம் ஒரு குட்டித் தூக்கம் போட்டா போதும்னு சொல்றாங்க. எனக்கு எட்டு மணிக்குப் படுத்தா தூக்கமே வரல. என்ன பண்றது?

உங்கள் மேல் குற்றமில்லை, நேரம்தான் தப்பு. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் உடம்பு நன்றாக விழித்திருக்கும். பத்தரைக்குத் தூங்குகிறவர் எட்டு மணிக்குப் படுத்தால் புரண்டுகொண்டுதான் இருப்பார், "தூக்கம் வரலையே" என்ற கவலையும் சேரும். அதற்குள் கண் அசந்தால் இன்னும் மோசம், பன்னிரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும்போது ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பீர்கள்.

உடம்பே தூக்கம் கேட்கும் நேரம் மதியம், ஒன்றிலிருந்து நாலு மணி வரை. வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணிக்கு அறையை இருட்டாக்கி, போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் நல்லது, அது ஒரு முழுத் தூக்கச் சுற்றுக்குப் பக்கத்தில் வரும். ஆபீஸில் இருக்கிறவர் இருபது நிமிடம் கண்ணை மூடினாலும் பலன் உண்டு. நடுவில் நாற்பது ஐம்பது நிமிடத்தில் எழுந்தால்தான் தலை கனக்கும். புதன் ராத்திரி சீக்கிரம் படுத்து, வியாழன் காலை முடிந்தவரை தாமதமாக எழுவதும் இதோடு சேர வேண்டும். புதன் ராத்திரி இரண்டு மணி வரை படித்துவிட்டு வியாழன் மதியத் தூக்கத்தில் ஈடுகட்ட நினைப்பது நடக்காது.

எப்போது தூங்கினாலும் எழுந்ததிலிருந்து அரை மணி நேரமாவது மூளை முழுதாக வேலை செய்யாது. அதனால் இன்டர்வியூவுக்குப் பத்து நிமிடம் முன்னால் எழுந்து முகம் கழுவிக்கொண்டு உட்காரும் திட்டத்தை யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

எத்தனை காபி குடிக்கலாம்?

ஒன்று. பதினொன்றரை மணி வாக்கில், நீங்கள் தினமும் குடிக்கும் அதே அளவு டம்ளரில். காபி முழுதாக வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும், பன்னிரண்டரைக்குச் சரியாக இருக்கும். குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. அப்படியென்றால் காலை நாலரைக்கும் பாதிக் காபி உள்ளே இருக்கும். இரண்டாவது டம்ளர் குடித்தால் இன்டர்வியூவில் கை நடுங்கும், பிறகு விடியும் வரை விழித்திருப்பீர்கள். காபிப் பழக்கமே இல்லாதவர் அன்றைக்கு ஆரம்பிக்க வேண்டாம்.

சாப்பாடு?

எட்டு மணிக்கு முன்னால் மூன்று இட்லியோ இரண்டு தோசையோ. வயிறு நிறையச் சோறு, பிரியாணி, பரோட்டா வேண்டாம். பதினொரு மணிக்குப் பசித்தால் ஒரு வாழைப்பழம்.

வீட்டுல எல்லாரும் தூங்கிட்டிருப்பாங்க. சத்தமாப் பேசவே முடியாதே?

இதை நீங்களே கேட்டது நல்லது. பலருக்கு இப்படி ஒரு பிரச்சினை இருப்பதே தெரியாது. ராத்திரி ஒரு மணிக்கு நம் குரல் தானாகவே தணியும். பக்கத்து அறையில் அப்பா இருமுகிறார், குழந்தை புரள்கிறது என்ற நினைப்பிலேயே கிசுகிசுவென்று பேசுவோம். மைக்கில் வார்த்தை கேட்கும், ஆனால் ஏற்ற இறக்கம் போய்விடும், வாக்கியத்தின் கடைசி முழுங்கப்படும். அந்தப் பக்கம் காலைக் காபியோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது "இவருக்கு இந்த வேலையில் ஆர்வமில்லை", "பதில் தெரியாமல் முனகுகிறார்" என்றுதான் கேட்கும்.

ஒரு தம்பி இரண்டு இடத்தில் "தன்னம்பிக்கை குறைவு" என்ற பதிலோடு திரும்பி வந்தான். பகலில் என்னிடம் பேசும்போது கணீரென்று பேசுகிறவன். மூன்றாவதுக்கு முன்னால் ராத்திரி பன்னிரண்டரைக்கு அதே அறையில், அதே ஹெட்செட்டில் ஐந்து நிமிடம் தன்னைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். மறுநாள் அவனே கேட்டுவிட்டு "அக்கா, இது நானா?" என்றான். அதன் பிறகு வீட்டு ஆட்களிடம் முதல் நாளே சொல்லி, அவர்களை முன் அறைக்கு அனுப்பிவிட்டு, துணி அலமாரி இருக்கும் பின் அறைக்கு மாறினான். கதவு இடுக்கில் போர்வை வைத்தான். தொங்கும் துணியும் போர்வையும் எதிரொலியைக் குறைக்கும். அந்த ஐந்து நிமிடப் பதிவை நீங்களும் செய்யுங்கள், பகலில் செய்தால் பயனில்லை.

அதே பதிவில் சீலிங் ஃபேன் சத்தம் எவ்வளவு கேட்கிறது, டியூப் லைட் தலைக்குப் பின்னால் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். பிரகாசமாகவும் இருக்கட்டும், அது தூக்கத்தையும் தள்ளி வைக்கும்.

கரண்ட் போயிட்டா? எங்க வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு, அது போதும்ல?

ஃபேனுக்கும் லைட்டுக்கும் போதும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்தக் கண் சிமிட்டும் நேரத்தில் ரவுட்டர் அணைந்து மறுபடி கிளம்பும், நெட் திரும்பி வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். இதற்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் கிடைக்கிறது. ஃபைபர் வயர் வந்து சேரும் பெட்டியும் வைஃபை ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் அது வேண்டும். முதல் நாள் மெயின் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். வீடியோ ஓடிக்கொண்டே இருந்தால் சரி.

அடுத்த பாதுகாப்பு போன் ஹாட்ஸ்பாட். இதில் ராத்திரிக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. தினமும் ஒன்றரை ஜிபி தரும் பேக் என்றால் பதினொரு மணிக்குள் அது தீர்ந்துபோயிருக்கும், அதன் பிறகு வரும் வேகத்தில் வீடியோ நகராது. கூடுதல் டேட்டா ஒன்று வாங்கி வையுங்கள். ஒரு மணி நேர வீடியோவுக்குச் சுமார் ஒரு ஜிபி ஆகும்.

இதே மாதிரி ராத்திரியில் மட்டும் வரும் தொல்லை இன்னும் இரண்டு. விண்டோஸ் லேப்டாப் நாம் வேலை செய்யாத நேரம் பார்த்துத் தானாக அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆகும். அதற்கு நம் நள்ளிரவு "வேலை செய்யாத நேரம்". செட்டிங்ஸில் Active hours என்பதை மாற்றுங்கள், அல்லது அப்டேட்டை மதியமே முடித்துவிடுங்கள். போனில் தூக்க நேர மோடு பத்து மணிக்குத் தானாக விழுந்திருந்தால், லிங்க் மாறிவிட்டது என்று ஹெச்.ஆர் கூப்பிடுவது உங்களுக்குக் கேட்காது.

ஆரம்பத்துலயே "உங்களுக்கு இப்ப மணி என்ன?"ன்னு கேப்பாங்களாம். தூக்கம் வருதுன்னு சொல்லலாமா?

மணியைச் சொல்லுங்கள், தூக்கத்தைச் சொல்ல வேண்டாம். "இங்கே பன்னிரண்டரை, மதியம் தூங்கிவிட்டு வந்தேன், தயாராக இருக்கிறேன்" என்பது போல ஒரு வரி போதும். அது உண்மையாகவும் இருக்க வேண்டும், அதற்குத்தான் மேலே மதியத் தூக்கத்தைப் பற்றி அவ்வளவு சொன்னேன். "பரவாயில்லை, நான் எப்பவுமே ராத்திரி முழிச்சிருக்கிற ஆள்தான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கேட்பவர் அதைக் குறித்து வைத்துக்கொள்வார், வேலைக்குச் சேர்ந்த பிறகு எல்லா மீட்டிங்கும் ராத்திரி ஒரு மணிக்கு வரும்.

நடுவுல மூளை அப்படியே நின்னுடுது. கேள்வி காதுல விழுது, உள்ள போகல. அப்ப என்ன செய்யணும்?

கேள்வியை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று கேளுங்கள். பிறகு காகிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். களைத்த மூளையில் முதலில் போவது நாலு விஷயத்தை ஒரே நேரத்தில் பிடித்து வைக்கும் திறன், அந்தச் சுமையைக் காகிதம் வாங்கிக்கொள்ளும். கோடிங் ரவுண்டு என்றால் உள்ளே வருவது என்ன, வெளியே போவது என்ன, ஒரு சின்ன உதாரணம், இந்த மூன்றையும் எடிட்டரிலேயே கமென்ட்டாக எழுதிவிட்டு ஆரம்பியுங்கள். கையருகே தண்ணீர் வைத்து, யோசிக்க நேரம் வேண்டும்போது ஒரு மடக்கு குடியுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் என்றால் ஐந்து நிமிட இடைவேளையை முன்பே மெயிலில் கேட்டு வாங்கலாம். அந்த ஐந்து நிமிடத்தில் போனைப் பார்க்காமல் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள்.

"எங்க நேரத்தோட எத்தனை மணி நேரம் சேர்ந்து வேலை பார்ப்பீங்க?"ன்னு கேட்டா என்ன சொல்றது? எவ்வளவு வேணும்னாலும்னு சொல்லிடலாமா?

வேண்டாம். இந்தக் கேள்விக்குத்தான் ரொம்பப் பேர் வேலை கிடைக்க வேண்டுமே என்ற பயத்தில் பதில் சொல்லி, ஆறு மாதத்தில் உடம்பு கெட்டு விலகுகிறார்கள். முதலில் நீங்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர்கள் காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு இரவு 9:30, நவம்பரிலிருந்து மார்ச் வரை 10:30. நாலு மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும் என்றால் கோடையில் ராத்திரி ஒன்றரை வரை, குளிர்காலத்தில் இரண்டரை வரை. இரண்டு மணி நேரம் என்றால் பதினொன்றரை, பன்னிரண்டரை. நியூயார்க் டீமாக இருந்தால் நிலைமை வேறு. அவர்கள் 9 மணி நமக்கு மாலை 6:30 அல்லது 7:30, நாலு மணி நேரம் கொடுத்தாலும் கடைசியில் பதினொன்றரைக்கு முடிந்துவிடும். லண்டன் என்றால் இந்தப் பேச்சே தேவையில்லை, அவர்கள் காலை நம் மதியம்.

பதிலை அவர்கள் கடிகாரத்தில் சொல்லுங்கள்: "தினமும் உங்கள் காலை 8-லிருந்து 10 வரை இருப்பேன். வாரத்தில் ஒரு நாள் உங்கள் 12 வரை இருப்பேன். அவசரம் என்றால் அதற்கு மேலும் கூப்பிடலாம்." கூடவே ஒன்று கேளுங்கள்: நவம்பரில் கடிகாரம் மாறும்போது மீட்டிங் யார் நேரத்தில் நிலையாக இருக்கும்? வெளிநாட்டு டீமோடு உண்மையாகவே வேலை செய்த ஒருவர்தான் இதைக் கேட்பார் என்பது அவர்களுக்கும் தெரியும். என்னை எடுத்த மேனேஜர் பிறகு என்னிடம் சொன்னார், மற்ற பதில்களை விட இந்தக் கேள்விதான் அவருக்கு நினைவிருந்ததாம்.

"நாங்க எல்லாரும் தூங்கும்போது நீங்க ஒரு பிரச்சினையில மாட்டிக்கிட்டா என்ன செய்வீங்க?" இதுக்கு நல்ல பதில் என்ன?

ரிமோட் வேலையைப் பற்றி அவர்கள் கேட்கும் எல்லாக் கேள்வியும் கடைசியில் இதுதான். கலிஃபோர்னியாவோடு ஒரு சந்தேகத்தைக் கேட்டுப் பதில் வாங்க ஒரு நாள் முழுதாகப் போய்விடும். அந்த ஒரு நாளை வீணாக்காதவர்தானா என்று பார்க்கிறார்கள். "சுயமாக வேலை செய்வேன்" என்றால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் உண்மையாக எழுதிய ஒரு குறிப்பைச் சொல்லுங்கள். இல்லையென்றால் இப்போது இருக்கும் வேலையில் இந்த வாரமே ஒன்று எழுதுங்கள்.

நான் மாலையில் விட்டுப்போகும் குறிப்பு இப்படி இருக்கும்: "பில் தயாரிக்கும் வேலை இந்திய நேரம் காலை 3 மணியிலிருந்து தோற்கிறது. 412 வாடிக்கையாளருக்குப் பில் போகவில்லை. வரி விகிதம் வரும் இடத்தில் வெற்று மதிப்பு வருகிறது, லாக் இதோ. நேற்று மாலை சேர்த்த மாற்றம்தான் காரணம் என்று நினைக்கிறேன், உறுதியாகத் தெரியவில்லை. இரண்டு வழி இருக்கிறது: அந்த மாற்றத்தைத் திரும்ப எடுப்பது, அல்லது வெற்று மதிப்பைத் தாண்டிப் போக வைப்பது. முதலாவது பாதுகாப்பானது. உங்கள் 10 மணிக்குள் யாரும் மறுக்கவில்லை என்றால் அதைச் செய்துவிடுவேன்." படிப்பவர் திரும்பக் கேட்க வேண்டிய கேள்வி எதுவும் இதில் இல்லை, பதில் வராவிட்டாலும் வேலை நிற்காது. இன்டர்வியூவில் இதைக் கதையாகச் சொல்லும்போது, எதை நீங்களே முடிவு செய்ய மாட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வாடிக்கையாளர் பணத்தைத் திருப்பித் தருவதை நான் யாரையும் கேட்காமல் செய்ய மாட்டேன். அந்த எல்லை தெரிந்த ஆளைத்தான் தனியாக விடுவார்கள்.

கடைசில "ஏதாவது கேக்கணுமா?"ன்னா, கான்ட்ராக்டரா எம்ப்ளாயியான்னு கேக்கலாமா? சம்பளப் பேச்சு மாதிரி இருக்குமோ?

டெக்னிக்கல் ஆட்களிடம் கேட்காதீர்கள், அவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. ஹெச்.ஆரிடம் கண்டிப்பாகக் கேளுங்கள். இந்தியாவில் அலுவலகம் இல்லாத கம்பெனி உங்களை இரண்டு வழியில் எடுக்கும். ஒன்று, இங்கே உள்ள ஒரு இடைநிலை நிறுவனத்தின் பெயரில் ஊழியராக. அப்போது பி.எஃப், சம்பளச் சீட்டு, வரிப் பிடித்தம் எல்லாம் வழக்கம் போல. இன்னொன்று, கான்ட்ராக்டராக. அப்போது நீங்கள் W-8BEN என்ற படிவத்தில் அமெரிக்க ஆள் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவீர்கள், அங்கே வரி பிடிக்காமல் டாலர் வரும். பி.எஃப் கிடையாது. சம்பளத்தோடு விடுமுறை ஒப்பந்தத்தில் எழுதினால்தான் உண்டு. முன்கூட்டிய வருமான வரியை நீங்களே தவணையாகக் கட்ட வேண்டும், வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி பதிவும் செய்ய வேண்டும். இரண்டில் எது என்று தெரியாமல் சொன்ன தொகைக்குச் சரி என்று சொல்லிவிடாதீர்கள், ஒரே தொகை இரண்டு வழியிலும் கையில் வேறாகத்தான் நிற்கும்.

ஒன்றரைக்கு முடிஞ்சுது. தூக்கமே வரல. காலையில ஒன்பது மணிக்கு ஆபீஸ். எப்படிச் சமாளிக்கிறது?

உடனே படுத்தால் வராதுதான். மனதில் கேள்விகள் ஓடிக்கொண்டிருக்கும். பெரிய விளக்கை அணைத்துவிட்டு, அவர்கள் கேட்டதையும் நீங்கள் சொன்னதையும் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த ரவுண்டுக்கு அது உதவும், எழுதிய பிறகு மனம் அதை விட்டுவிடும். நன்றி மெயிலைக் காலையில் அனுப்பினால் போதும், அவர்களுக்கு அது இன்னும் வியாழன் மாலைதான்.

காலையில் அரை நாள் லீவு போட முடிந்தால் போடுங்கள். முடியாவிட்டால் பைக்கை எடுக்காதீர்கள், பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போங்கள். இதை நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் நேச்சர் இதழில் எழுதியது இது: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கை கண் ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவர் அளவுக்குக் குறைந்திருந்தது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம். காலை ஆறுக்கு எழுந்து மதியம் தூங்காமல் இருந்தவருக்கு 17 மணி நேரம் இரவு 11-க்கே முடிந்துவிடும். அதன் மேல் இன்டர்வியூ, அதன் மேல் நாலு மணி நேரத் தூக்கம், அதோடு பாளையங்கோட்டை மார்க்கெட் நெரிசலில் வண்டி ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள்.

ஆஃபர் வந்துடுச்சு அக்கா. ஆனா தினமும் ராத்திரி ரெண்டரை வரைக்கும் இருக்கணுமாம். எடுக்கலாமா?

இன்டர்வியூவுக்கு ஒரு ராத்திரி விழித்தது இதற்கு உதாரணம் ஆகாது. சரி என்று சொல்லும் முன் வேலையில் சேராமலேயே ஒரு வாரம் அந்த நேரத்தில் வாழ்ந்து பாருங்கள். தினமும் இரண்டரை வரை விழித்து ஏதாவது படியுங்கள், மூன்று மணிக்குப் படுங்கள். காலையில் உங்களால் பத்தரை வரை தூங்க முடிகிறதா என்பதுதான் முக்கியம். குக்கர் விசில், பால்காரர், வெயில், "இன்னுமா தூங்குறே" என்ற குரல், இத்தனைக்கும் நடுவில் ஏழு மணி நேரம் தூக்கம் கிடைக்கும் வீடா உங்கள் வீடு? கிடைக்கிறது என்றால் அது நிலையான நேரம், வார இறுதியிலும் பெரிதாக மாற்றாமல் இருந்தால் உடம்பு ஓரளவு பழகும். ஏழரைக்கே எழ வேண்டியிருக்கிறது, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்றால் தினம் நாலரை மணி நேரத் தூக்கம்தான் மிஞ்சும். அதை எந்தச் சம்பளமும் ஈடுகட்டாது.

அப்போதும் உடனே மறுத்துவிட வேண்டாம். மேலே சொன்ன இரண்டு மணி நேரக் கணக்கையும், மாலைக் குறிப்பு எழுதும் முறையையும் வைத்து, மூன்று மாதம் இப்படிச் செய்து பார்க்கலாமா என்று எழுதிக் கேளுங்கள். எனக்கும் முதலில் கேட்டது நாலு மணி நேரம்தான். இப்போது நான் லேப்டாப்பை மூடுவது பதினொன்றரைக்கு, குளிர்காலத்தில் பன்னிரண்டரைக்கு.